50,000 மூட்டையை ஆங்கிலத்தில் எழுதுவது எப்படி: முதலீட்டாளர் டெக் மொழிபெயர்ப்பு அனுபவம்

டெல்டா பக்கத்துத் தொழில்காரர் ஒருவர் தமிழில் போட்ட பிட்ச் டெக்கைக் கொடுத்து, "இதை அப்படியே இங்கிலீஷ்ல மாத்திக் குடுத்துடுங்க" என்பார். 12 அல்லது 14 ஸ்லைடு இருக்கும். மொழி வேலை இரண்டு நாளில் முடிந்துவிடும். எண் வேலைக்கு ஒரு வாரமாவது ஆகும். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் மூன்றாம் நாளே "எங்க சார் ஃபைல்?" என்று போன் வரும்.

ஏன் ஒரு வாரம்? தமிழ் டெக் உள்ளூர் ஆளுக்காக எழுதப்பட்டது. வங்கி மேலாளர், மாவட்டத் தொழில் மைய அதிகாரி, பணம் போட முன்வந்த மாமா என எல்லோருக்கும் மூட்டை என்றால் என்ன, வேலி என்றால் எவ்வளவு, வரவு செலவு என்றால் எது என்று தெரியும். எழுதாமல் விட்டதை அவர்களே நிரப்பிப் படிப்பார்கள். சிங்கப்பூரிலோ ஆம்ஸ்டர்டாமிலோ உட்கார்ந்து படிப்பவர் எதையும் நிரப்ப மாட்டார். எழுதியிருக்கும் எண்ணை எடுத்துப் பெருக்கிப் பார்ப்பார், வகுத்துப் பார்ப்பார். கணக்கு ஒட்டவில்லை என்றால் அடுத்த ஸ்லைடுக்குப் போகமாட்டார்.

ஒரு டெக்கில் இந்தச் சிக்கல் எல்லாம் சேர்ந்து நிற்கும் இடம், "இதுவரை சாதித்தது" என்று வரும் ஸ்லைடு. அதை மட்டும் இங்கே முழுதாகப் பிரித்துப் பார்ப்போம். மன்னார்குடிப் பக்கம் இயந்திரத்தில் நெல் உலர்த்திக் கொடுக்கும் ஒரு நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். நிறுவனத்தின் எண்கள் விளக்கத்துக்காக அமைத்தவை, ஆனால் இப்படித்தான் வரும். ஸ்லைடில் இருப்பது இது:

"மன்னார்குடி சுற்றுவட்டாரத்தில் 1,200 விவசாயிகள், 400 வேலி. போன குறுவையில் மட்டும் 50,000 மூட்டை காயவைத்துக் கொடுத்தோம். வரவு செலவு ரூ.2.35 கோடி. விவசாயிக்கு மூட்டைக்கு ரூ.200 கூடுதல் லாபம். ஈரப்பதத்தால் நெல் திரும்பி வருவது 100% தடுக்கப்பட்டுள்ளது. நீடாமங்கலத்தில் மூன்றாவது உலர்த்தி அமைகிறது."

ஆங்கிலத்தைத் தொடுவதற்கு முன்னால் ஒரு தாள் போட வேண்டும். ஒவ்வொரு கூற்றுக்கும் ஒரு வரி. அந்த வரியில் எண், அதன் அளவு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்தக் காகிதத்தில் இருக்கிறது, யார் சொன்னது என்று ஐந்து கட்டம். காகிதம் என்றால் ரசீதுப் புத்தகம், வங்கிக் கணக்கு விவரம், உலர்த்தியின் ஓட்டப் பதிவேடு, இப்படி ஏதாவது ஒன்று. அந்தக் கட்டம் காலியாக இருக்கும் கூற்று ஆங்கில டெக்குக்குள் போகக்கூடாது. உரிமையாளருக்கு இது கசப்பாக இருக்கும். ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாது. முதலீட்டாளர் ஆர்வம் காட்டினால் அடுத்ததாக அவர் அனுப்பும் ஆடிட்டர் கேட்கப்போவது அதே காகிதத்தைத்தான்.

மூட்டை, மா, வேலி

முதல் கேள்வியைக் கணக்குப் பார்ப்பவரிடம் போனில் கேட்க வேண்டும்.

"அண்ணே, அம்பதாயிரம் மூட்டைன்னா எந்த மூட்டை? அறுவது கிலோவா, சிப்பமா?"

"சிப்பந்தாங்க. கொள்முதலுக்குப் போறதுதான, நாப்பது கிலோ."

உரிமையாளரைக் கேட்டால் 60 கிலோ என்பார். ஏனென்றால் அவர் தலையில் இருப்பது ஊர் மூட்டை. நேரடி நெல் கொள்முதல் நிலையத்துச் சிப்பம் 40 கிலோ. 50,000 என்பது ஒரு கணக்கில் 3,000 டன், இன்னொரு கணக்கில் 2,000 டன். யார் சொல்வது சரி என்று இயந்திரத்தையே கேட்கலாம். இவர்களிடம் இருப்பது 12 டன் பிடிக்கும் சுழற்சி உலர்த்தி இரண்டு. 22% ஈரத்தோடு வரும் நெல்லை 17 சதவீதத்துக்குக் கொண்டுவர, மணிக்கு முக்கால் சதவீதம் வீதம் இறங்கினால் ஏழு மணி நேரம் ஆகும். ஏற்றி இறக்க இன்னும் இரண்டு மூன்று மணி. ஆக ஒரு நாளைக்கு இரண்டு ஈடு. குறுவை அறுவடை 50 நாள் ஓடினால்:

```
2 x 12 x 2 x 50 = 2400 டன்
```

இது உள்ளே போகும் ஈர நெல்லின் உச்சக் கணக்கு. காய்ந்து வெளியே வந்த 2,000 டன்னுக்கு உள்ளே போயிருக்க வேண்டியது சுமார் 2,130 டன். அது இந்த உச்சத்துக்குள் அடங்குகிறது. 3,000 டன் எந்த வகையிலும் அடங்காது. ஆக கணக்கர் சொன்னதே சரி. ஆங்கிலத்தில் மூட்டை என்ற சொல்லே வேண்டாம். "காய்ந்தபின் எடை, 2,000 மெட்ரிக் டன் நெல்" என்று போட்டுவிட வேண்டும்.

நெல் என்று எழுதும்போது ஒரு எச்சரிக்கை. ஆங்கிலத்தில் நெல்லையும் அரிசியையும் 'ரைஸ்' என்றே சொல்லிவிடுவார்கள். 'பேடி' என்றால் வயல் என்று நினைப்பவர்களும் உண்டு. வெளிநாட்டுப் புள்ளிவிவரங்கள் பல அரைத்த அரிசிக் கணக்கில் இருக்கும். 100 கிலோ நெல்லுக்குப் பச்சரிசி 67 கிலோ என்பது அரசு வைத்திருக்கும் கணக்கு. எனவே முதல் தடவை வரும் இடத்தில் "உமி நீக்காத நெல்" என்று பொருள்படும்படி ஒரு சொல் சேர்த்து, கடைசி வரைக்கும் அதே சொல்லை வைத்திருக்க வேண்டும். ஒரு ஸ்லைடில் பேடி, அடுத்ததில் ரைஸ் என்று மாறினால் படிப்பவர் இரண்டும் வேறு வேறு சரக்கு என்று எடுத்துக்கொள்வார்.

அடுத்தது 400 வேலி. 144 சதுர அடி ஒரு குழி, 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. ஒரு வேலி 6.6 ஏக்கர். அப்படியே மாற்றினால் 400 வேலி ஏறக்குறைய 2,650 ஏக்கர், அதாவது 1,070 ஹெக்டேர். இங்கேதான் படிப்பவர் பெருக்கிப் பார்ப்பார். மாவுக்கு 60 கிலோ மூட்டை 11 என்று வைத்தால் 8,000 மாவுக்கு 5,280 டன் நெல் வரவேண்டும். உலர்த்தியதோ 2,000 டன். மிச்சம் 3,000 டன்னுக்கு மேல் எங்கே?

விசாரித்தால் விஷயம் எளிதாக இருக்கும். 1,200 என்பது வாட்ஸ்அப் குழுவில் பெயர் கொடுத்தவர்கள். 400 வேலி அவர்கள் எல்லோருடைய நிலமும் சேர்ந்தது. காசு கொடுத்து உலர்த்தியவர்கள் எத்தனை பேர் என்று ரசீதுப் புத்தகத்தில் போன் எண் வாரியாக எண்ணினால் 460 வருகிறது. 2,000 டன்னை மாவுக்கு 660 கிலோவால் வகுத்தால் 3,030 மா, சுமார் 150 வேலி, அதாவது 1,000 ஏக்கர். 460 பேருக்கு 1,000 ஏக்கர் என்றால் தலைக்கு 2.2 ஏக்கர். டெல்டா சிறு விவசாயிக்குப் பொருந்துகிற எண்தான். மூன்று எண்ணும் ஒன்றோடொன்று பேசுகின்றன.

ஆங்கிலத்தில் எழுத வேண்டியது: 2025 குறுவையில் பணம் கொடுத்து உலர்த்தியவர்கள் 460 பேர், சுமார் 400 ஹெக்டேர், பதிவு செய்தவர்கள் 1,200 பேர். 1,200 என்ற எண்ணை ஒளிக்க வேண்டியதில்லை. இன்னும் 740 பேர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறார்கள் என்பது நல்ல செய்திதான். இரண்டையும் கலக்கக்கூடாது, அவ்வளவே. தமிழில் "விவசாயிகள் பயன்பெற்றுள்ளனர்" என்று எழுதும் வழக்கம் இங்கே காலை வாரும். அது அரசு நலத்திட்ட மொழி. அதை அப்படியே ஆங்கிலமாக்கினால் இது தொண்டு நிறுவனமோ என்ற சந்தேகம் வரும். காசு கொடுப்பவர் வாடிக்கையாளர். அப்படியே எழுத வேண்டும்.

"போன குறுவை" என்பதையும் மாதமாக மாற்ற வேண்டும். 2025 செப்டம்பர், அக்டோபர். நம் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிவதால் `FY2025-26` என்று இரண்டு ஆண்டையும் போடுவது நல்லது. வெறுமனே `FY25` என்று எழுதினால் ஆளுக்கொரு ஆண்டாகப் புரியும். இன்னொன்று, இந்தியப் பருவமழை என்றால் ஜூன் முதல் செப்டம்பர் என்பதே வெளியே பலர் அறிந்தது. நமக்கு மழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. குறுவை அறுப்பும் வடகிழக்குப் பருவமழையின் தொடக்கமும் மோதிக்கொள்வதுதான் இந்தத் தொழிலுக்கே காரணம். தமிழ் டெக்கில் இது ஒரு வரிகூட இருக்காது. ஆங்கில டெக்கில் ஒரு மாத அட்டவணையாகவே வரையலாம்.

வரவு செலவு

இந்த ஒரு சொல் மொழிபெயர்ப்பாளரின் பெயரையே கெடுத்துவிடும். ரூ.2.35 கோடி வரவு செலவு என்றால் நம் ஊரில் கணக்கு வழியாகப் போய்வந்த மொத்தப் பணம். அகராதியைப் பார்த்து அதற்கு 'ரெவன்யூ' என்று எழுதினால் அது பொய்க் கணக்காகிவிடும். எழுதியவர் மனதில் பொய் இல்லை, ஆனாலும் காகிதத்தில் பொய்தான்.

வங்கி விவரத்தை வைத்துக்கொண்டு பிரித்தால் இப்படி வரும். 50,000 சிப்பத்தில் 30,000 சிப்பத்தை விவசாயிகளே கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். அந்த நெல்லுக்கான பணம் அரசிடமிருந்து நேரே விவசாயியின் வங்கிக் கணக்குக்குப் போகும். நிறுவனத்துக்கு அதில் உலர்த்தும் கூலி மட்டும். மீதி 20,000 சிப்பம், அதாவது 800 டன், நிறுவனம் வழியாகத் தனியார் ஆலைகளுக்குப் போனது. கிலோ 24 ரூபாய் வீதம் ரூ.1.92 கோடி நிறுவனத்தின் கணக்கில் ஏறி, 2% கமிஷன் போக விவசாயிக்குத் திரும்பிப் போனது. உலர்த்தும் கூலி சிப்பத்துக்கு 50 ரூபாய், 50,000 சிப்பத்துக்கு 25 லட்சம். இயந்திரத்துக்கு வந்த மானியம் 18 லட்சம். மூன்றையும் கூட்டினால் 2.35 கோடி சரியாக வருகிறது.

ஆனால் நிறுவனத்தின் வருவாய் என்பது கூலி 25 லட்சமும், கமிஷன் 3.84 லட்சமும்தான். மொத்தம் 28.84 லட்சம். ஆலைக்குப் போன நெல் எந்த நேரத்திலும் நிறுவனத்துக்குச் சொந்தமாக இல்லை. விலை இறங்கினால் நட்டம் விவசாயிக்கு. அப்படி இருக்கும்போது கமிஷனை மட்டுமே வருவாயாகக் காட்ட வேண்டும் என்பதே இந்தியக் கணக்கியல் தரமும் பன்னாட்டுத் தரமும் சொல்வது. ஒருவேளை நிறுவனம் நெல்லை விலைகொடுத்து வாங்கி, கிடங்கில் வைத்து, விலை ஏற்ற இறக்கத்தைத் தானே தாங்கி விற்றிருந்தால் ரூ.1.92 கோடியும் வருவாய்தான். எனவே கேட்க வேண்டிய கேள்வி: "லாரி கிளம்புறதுக்கு முன்னாடி நெல்லு யாருது? விலை விழுந்தா யாருக்குப் போச்சு?" மானியம் எந்த நிலையிலும் விற்பனை வருவாய் ஆகாது. அது தனி வரி.

அதாவது தமிழில் 2.35 கோடி என்று இருப்பது ஆங்கிலத்தில் 28.84 லட்சம். எட்டில் ஒரு பங்கு. இதைச் சொல்லும்போது உரிமையாளரின் முகம் வாடும். "இவ்வளவு கம்மியா காட்டினா எவன் சார் பணம் போடுவான்?" என்பார். பெரிய எண்ணையும் காட்டலாம், ஆனால் வேறு பெயரில்: "எங்கள் வழியாக விற்ற நெல்லின் மதிப்பு INR 19.2 million, அதில் எங்கள் கமிஷன் 2%". படிப்பவருக்குத் தொழிலின் அளவும் தெரியும், நிறுவனத்தின் பங்கும் தெரியும். கொள்முதல் நிலையத்துக்குப் போன 30,000 சிப்பத்தின் மதிப்பை மட்டும் எந்தப் பெயரிலும் சேர்க்கக்கூடாது. கொள்முதல் நிலையம் விவசாயிக்கானது. அங்கே நிறுவனம் விற்றதுபோல் ஒரு வாக்கியம் அமைந்துவிட்டால், வியாபாரி நெல்லை உள்ளே தள்ளினார் என்று அர்த்தமாகிவிடும். செய்யாத தப்பை மொழிபெயர்ப்பே சுமத்திவிடும்.

மாத வருவாயிலும் இதே கவனம் வேண்டும். வருவாய் பூராவும் 50 நாளில் வந்தது. சம்பா நெல் பெரும்பாலும் வெயிலிலேயே காய்ந்துவிடுவதால் உலர்த்திக்கு வேலை குறைவு. "அக்டோபரில் 14 லட்சம்" என்று ஸ்லைடில் தனியாக நின்றால், மென்பொருள் நிறுவனங்களையே பார்த்துப் பழகியவர் அதை 12 ஆல் பெருக்கிவிடுவார். மாத எண் வேண்டாம், பருவ எண்ணே போதும். மற்ற பத்து மாதம் இயந்திரம் என்ன செய்கிறது என்பதற்கும் பக்கத்திலேயே ஒரு வரி பதில் வைக்க வேண்டும்.

மூட்டைக்கு 200 ரூபாய்

இந்தக் கூற்று எங்கிருந்து வந்தது என்று கேட்டால் உடனே கணக்கு சொல்வார்கள். ஈர நெல்லை வயலிலேயே வியாபாரி கிலோ 20 ரூபாய்க்குக் கேட்கிறார். கொள்முதல் நிலையத்தில், 2025-26 பருவத்தில், சாதாரண ரகத்துக்கு மத்திய அரசின் ஆதரவு விலை 2,369 ரூபாயும் தமிழக அரசின் ஊக்கத்தொகை 131 ரூபாயும் சேர்ந்து குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். கிலோவுக்கு ஐந்து ரூபாய் வித்தியாசம். 40 கிலோ சிப்பத்துக்கு 200. கணக்கு சரியாக இருப்பதுபோல்தான் தெரியும்.

தண்ணீர் காணாமல் போகிறது. 22% ஈரத்தில் இருக்கும் 1,000 கிலோ நெல்லை 17 சதவீதத்துக்குக் காயவைத்தால் மிஞ்சும் எடை இது:

```
1000 x (100 - 22) / (100 - 17) = 940 கிலோ
```

60 கிலோ ஆவியாகப் போய்விட்டது. 940 கிலோவுக்கு 25 ரூபாய் வீதம் 23,500 ரூபாய். அதில் 23.5 சிப்பத்துக்கு உலர்த்தும் கூலி 1,175, ஏற்றுக்கூலி வண்டிவாடகை 325 என்று வைத்தால் கையில் 22,000. ஈரமாகவே விற்றிருந்தால் 20,000. கூடுதல் 2,000 ரூபாய். 23.5 ஆல் வகுத்தால் சிப்பத்துக்கு 85 ரூபாய்.

200 இல்லை, 85. தானியத் தொழில் தெரிந்த எந்த வெளிநாட்டுக்காரரும் எடை இழப்பைத்தான் முதலில் கேட்பார். அதனால் 85 என்ற எண்ணையும் அது வந்த வழியையும் சிறிய அட்டவணையாக ஸ்லைடிலேயே வைப்பது நல்லது. "எதோடு ஒப்பிட்டு?" என்ற கேள்விக்கும் பதில் அதிலேயே இருக்க வேண்டும்: வயலில் ஈரமாக விற்பதோடு ஒப்பிட்டு. நாலு நாள் நல்ல வெயில் அடித்தால் விவசாயி ரோட்டில் கொட்டிக் காயவைத்துக் கூலியையும் மிச்சப்படுத்துவார். அந்த வாரத்தில் நிறுவனத்தால் அவருக்கு லாபம் இல்லை. இதையும் சொல்லிவிடலாம். மழை வரும் வாரங்களில்தான் தொழில் என்பது அந்த அட்டவணையிலிருந்தே புரியும்.

இதே இடத்தில் 17% என்ற எண்ணுக்கும் விளக்கம் வேண்டும். நெல்லைச் சேமிக்க 14% அல்லது அதற்குக் கீழே என்பது வெளியே பொதுவாகத் தெரிந்த அளவு. விளக்கம் இல்லாமல் "17 சதவீதத்துக்கு உலர்த்துகிறோம்" என்றால் வேலையை அரைகுறையாக விடுகிறார்கள் என்று நினைப்பார்கள். இது அரசு கொள்முதலுக்கான உச்ச வரம்பு, சேமிப்புக்கான அளவு அல்ல, ஆலைக்குப் போகும் நெல் என்றால் வேறு அளவு என்று ஒரு வரி போட்டால் தீர்ந்தது. சில பருவங்களில் அரசு இந்த வரம்பைத் தளர்த்துவதும் உண்டு. அப்படித் தளர்த்தினால் உலர்த்திக்கு வரும் நெல் குறையும். அது இந்தத் தொழிலின் உண்மையான ஆபத்து. டெக்கில் ஆபத்துகள் என்ற ஸ்லைடு இருந்தால் முதல் வரியே இதுவாக இருக்கட்டும்.

அடுத்து, "100% தடுக்கப்பட்டுள்ளது". தமிழில் இது ஒரு அழுத்தம், அவ்வளவுதான். ஆங்கிலத்தில் அளந்து சொன்ன எண். இதை எண்ணாக மாற்ற வேண்டும். 30,000 சிப்பம் சுமார் 300 நடை போனது. ஈரப்பதம் அதிகம் என்று எத்தனை நடை திரும்பியது? பதிவேட்டில் ஆறு. ஆக 300 நடையில் 6 திரும்பியது, 2%. ஏன் திரும்பியது என்பது இன்னும் முக்கியம். 17 சதவீதத்தில் சரியாக நிறுத்திய நெல், கொள்முதல் நிலைய வாசலில் நாள்கணக்கில் மழைக்காற்றில் காத்துக்கிடந்து ஈரத்தைத் திரும்ப இழுத்துக்கொண்டது. அதன்பிறகு 16 சதவீதத்தில் நிறுத்துகிறார்கள். 100% என்ற வார்த்தையைவிட இந்த இரண்டு வரி பல மடங்கு நம்பிக்கை தரும்.

"தடுக்கப்பட்டுள்ளது" என்ற செயப்பாட்டு வினையும் ஒரு தொல்லை. யார் தடுத்தார், யார் அளந்தார் என்பது அதில் இல்லை. ஆங்கில வாக்கியத்தில் ஆள் தெரிய வேண்டும். "அமைகிறது" என்பதில் காலம் தெரியாது. நமக்கு நிகழ்காலம் நாளைக்கும் பொருந்தும். "தை மாசம் மெஷின் வருது" என்று சாதாரணமாகச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் மூன்றாவது உலர்த்தி ஓடிக்கொண்டிருக்கிறதா, கட்டப்படுகிறதா, யோசனையில் இருக்கிறதா என்பது வேறு வேறு. கேட்க வேண்டியது: இடம் குத்தகை எழுதியாச்சா, முன்பணம் கொடுத்தாச்சா, மும்முனை மின் இணைப்புக்கு விண்ணப்பம் போட்டாச்சா? இடம் மட்டும் ஆகியிருந்தால் "இடம் குத்தகைக்கு எடுத்துள்ளோம், இயந்திரம் இந்த முதலீட்டிலிருந்து" என்று எழுத வேண்டும். "ஒப்பந்தம்" என்ற சொல்லுக்கும் இதே விசாரணை. அது கொள்முதல் ஆணையா, கையெழுத்தான விற்பனை ஒப்பந்தமா, புரிந்துணர்வுக் கடிதமா என்பதைக் காகிதத்தைக் கண்ணால் பார்த்துத்தான் சொல் தேர வேண்டும்.

எண் வடிவத்தில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. லட்சம், கோடி இரண்டும் ஆங்கில டெக்கில் வேண்டாம். 28.84 லட்சம் என்பது `INR 2.88 million`. காற்புள்ளி மூன்று மூன்று இலக்கமாக. ரூபாய்தான் முதன்மை, டாலர் அடைப்புக்குள். எந்தத் தேதி மாற்று வீதம் என்று ஒரே ஒரு அடிக்குறிப்பு போட்டு, எல்லா ஸ்லைடிலும் அதே வீதம். டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்தால் 33,929 வரும். அதை `USD 34,000` என்று முழுமையாக்க வேண்டும். வளர்ச்சி விகிதத்தை ரூபாயில் மட்டுமே கணக்கிட வேண்டும். டாலரில் கணக்கிட்டால் மாற்று வீதத்தின் ஏற்ற இறக்கமும் வளர்ச்சிக்குள் கலந்துவிடும். அடிக்கடி நேரும் தவறு, ஒரு கோடியை ஒரு மில்லியன் என்று எழுதிவிடுவது. ஒரு கோடி 10 மில்லியன். அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு எண்ணிலும் சுழியத்தை விரல் வைத்து எண்ண வேண்டும்.

முதல் ஸ்லைடில் "நாங்கள் விவசாயம் செய்யும் நிறுவனம்" என்று ஒரு பெருமையான வரி இருக்கும். அதை நிறுத்தி விசாரிக்க வேண்டும். நெல் சாகுபடியில் அந்நிய நேரடி முதலீட்டுக்கு இந்தியாவில் அனுமதி இல்லை. வேளாண்மை சார்ந்த சேவைகளில் தானியங்கி வழியில் 100% வரை அனுமதி உண்டு. முதல் வரியே "சாகுபடி" என்று வந்தால் முதலீட்டாளரின் வக்கீல் அங்கேயே கோப்பை மூடிவிடலாம். நிறுவனம் உண்மையில் செய்வது உலர்த்தும் சேவை என்றால் அதைத்தான் எழுத வேண்டும். ஒருவேளை பத்து வேலி சாகுபடியும் அதே நிறுவனத்தின் பெயரில் நடக்கிறது என்றால், சொல்லை மாற்றி அதை மறைக்கும் வேலையில் இறங்கக்கூடாது. கம்பெனி செயலரிடம் அனுப்பிவிட வேண்டும். உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாகப் பதிந்திருந்தாலும் அதேதான். அதில் உற்பத்தியாளர்களும் அவர்களுடைய அமைப்புகளும் மட்டுமே உறுப்பினராக முடியும். வெளி முதலீட்டாளருக்குப் பங்கு கொடுக்க வழியில்லை. இதை டெக் முடிந்தபிறகு கண்டுபிடித்தால் உழைப்பு முழுக்க வீண். அதனால் பதிவுச் சான்றிதழை முதல் நாளே கேட்டு வாங்கிவிட வேண்டும்.

கடைசி வேலை திருப்பி வாசிப்பது. ஆங்கில ஸ்லைடை வைத்துக்கொண்டு, மூலத்தைப் பார்க்காமல், ஒவ்வொரு வரியையும் பேச்சுத் தமிழில் உரிமையாளரிடம் சொல்ல வேண்டும். கணக்கரும் கூட இருக்க வேண்டும்.

"2025 செப்டம்பர், அக்டோபர்ல, 460 விவசாயி காசு குடுத்து, காஞ்ச எடையில 2,000 டன் நெல்லு உலத்திருக்கீங்க. கூலியும் கமிஷனும் சேந்து வருமானம் 28 லட்சத்து 84 ஆயிரம். சரியா?"

"சரிதான்."

"இதுக்கு ரசீது எங்க இருக்குன்னு கேட்டா?"

"ஆபீஸ் பீரோவுல இருக்கு. நாலு புத்தகம்."

இந்தப் பதில் தடங்கலில்லாமல் வரும் வரிகள் நிற்கும். "அது வந்து..." என்று இழுக்கும் வரிகளைப் பென்சிலால் வட்டமிட்டு, தாளில் அந்தக் கூற்றுக்குரிய வரிக்குத் திரும்ப வேண்டும். பெரும்பாலும் மூன்று நான்கு வட்டம் விழும். அவற்றைச் சரிசெய்த பிறகு, அந்த ஐந்து கட்டத் தாளைக் காகிதங்களின் நகலோடு ஒரே உறையில் போட்டு, ஆங்கில டெக்கோடு சேர்த்து உரிமையாளரிடம் கொடுத்துவிட வேண்டும்.